இரண்டு கேமராவும் நார்மல் என்றால், இரத்தம் எங்கே போகிறது?

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் குடும்பத்தார் சிலர், மேசையில் ஒரு கனத்த கோப்பை வைத்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "மேலேயும் கேமரா விட்டாச்சு, கீழேயும் கேமரா விட்டாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க." அந்தக் கோப்பில் இரத்தம் ஏற்றிய சீட்டுகள் மூன்று, நான்கு இருக்கும். இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டுகள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஹீமோகுளோபின் 6, பிறகு 9, பிறகு மீண்டும் 6 என ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

"ஒன்றும் இல்லை" என்ற சொல்லோடுதான் எங்களுக்கு வழக்கு. வாய் வழியே செலுத்தும் எண்டோஸ்கோபி உணவுக்குழாய், இரைப்பை இரண்டையும் கடந்து முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியோடு நின்றுவிடுகிறது. ஆசனவாய் வழியே செல்லும் கொலோனோஸ்கோபி பெருங்குடல் முழுவதையும் பார்த்து, சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களை எட்டிப் பார்க்கிறது. அதுவும் எல்லோரிடத்திலும் இயலுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து, ஆறு மீட்டர் நீளச் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. அதை எவரும் பார்க்கவில்லை. ஆகவே அந்த இரு அறிக்கைகளும் "இங்கே இல்லை, அங்கேயும் இல்லை" என்று மட்டுமே சொல்கின்றன. செரிமானப் பாதையில் ஏற்படும் இரத்தக்கசிவுகளில் சுமார் 5 விழுக்காடு இந்த நடுப்பகுதியில் நேர்கிறது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் இரு பரிசோதனைகளும் நார்மலாகி, இரத்தம் மட்டும் குறைந்துகொண்டே வருபவரிடத்தில், நாம் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுவே.

"இரத்தமே கண்ணில் படவில்லையே, பிறகு எப்படிச் சோகை வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு எளியது. நல்ல நிலையிலுள்ள ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வதோ நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். ஒருவருக்குத் தினமும் 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு இரத்தம் குடலுக்குள் கசிந்தால், 5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். வரவு 2, செலவு 5. சேமிப்பு தீர்ந்த பிறகு சோகை தவிர வேறு வழியில்லை. இந்த இரண்டு தேக்கரண்டி இரத்தம் மலத்தின் நிறத்தை மாற்றாது. மலம் கறுத்துப் போவதற்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை ஒரே வீச்சில் கசிய வேண்டும். ஆகவே கண்ணில் படவில்லை என்பதை வைத்துக் கசிவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இங்கே ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி, ஒத்த நிலையில் இருந்த வேறு சிலருடைய விவரங்களையும் கலந்து எழுதியிருக்கிறோம். அறுபதைக் கடந்த அம்மா ஒருவர். நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர். விடிவதற்கு முன்னே மல்லிகை பறிக்கப் போகும் கைகள். கார்த்திகையில் ஒருநாள் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் 5.6. வேறோர் இடத்தில் இரத்தம் ஏற்றினார்கள். முகம் தெளிந்தது. ஒரு மாதத்திற்குப் பின் இரண்டு கேமராப் பரிசோதனைகளும் நடந்தன, இரண்டும் நார்மல். இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பங்குனியில் மலம் மூன்று நாள் கறுப்பாகப் போனது. மாத்திரை தின்றால் அப்படித்தான் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியே ஆபத்தாகிவிட்டது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு மீண்டும் இரத்தம் ஏற்றப்பட்டது. மேற்கொண்டு சோதிக்க மதுரைக்குப் போகச் சொன்னபோது, பூ சீசன் தொடங்கிவிட்டது, முடிந்ததும் போகலாம் என்று குடும்பம் தீர்மானித்தது. அதில் நாங்கள் குற்றம் காணவில்லை. பறிக்காத பூ மறுநாளைக்கு ஆகாது. பங்குனி முதல் ஆடி வரையிலான பூப்பணத்தில்தான் அந்த வீடு வருடத்தை ஓட்டுகிறது. தவிர, அவர் அப்போது நன்றாகவே இருந்தார். இரத்தம் ஏற்றியவுடன் வரும் அந்தத் தெளிவு குடும்பத்தையும் ஏமாற்றுகிறது, சில வேளைகளில் மருத்துவரையும் ஏமாற்றுகிறது. ஏற்றப்பட்டது நிறைவு, ஓட்டை அப்படியே இருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான்: இரத்தம் ஏற்றிய பின் கிடைக்கும் அந்தச் சில நாட்களே சிறுகுடலைப் பார்ப்பதற்கு உரிய நாட்கள். "உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு மாதம் தள்ளிப்போடுவது, இந்த நோயைப் பொறுத்தவரையில், பார்க்கும் வாய்ப்பையே கை நழுவவிடுவதாகும். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

காரணத்தை விளங்கிக்கொள்ள, கேப்சூல் என்பது என்ன என்று பார்க்க வேண்டும். இஸ்ரேல் நாட்டின் காவ்ரியேல் இடான் என்ற பொறியாளர், இராணுவத் தளவாடங்களுக்கான ஒளிக்கருவித் துறையில் பணியாற்றியவர், விழுங்கக்கூடிய கேமரா ஒன்றைக் கற்பனை செய்தார். இங்கிலாந்தின் பால் ஸ்வெய்ன் என்ற குடல் மருத்துவரும் அம்முயற்சியில் சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் அவர்களது கட்டுரை வெளிவந்தது. 2001இல் அக்கருவி நோயாளிகளின் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் சுமார் 26 மில்லிமீட்டர், குறுக்களவு 11 மில்லிமீட்டர். ஒரு பெரிய வைட்டமின் மாத்திரையின் அளவு. உள்ளே சிறு கேமரா, விளக்குகள், மின்கலம், ஒலிபரப்பி. நொடிக்கு இரண்டு படங்களுக்குக் குறையாமல் எடுத்து, வயிற்றில் ஒட்டப்பட்ட அல்லது இடுப்பில் கட்டப்பட்ட பட்டைக்கு அனுப்பிக்கொண்டே குடலின் இயல்பான அசைவில் நகர்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேரும். அவற்றை மருத்துவர் ஒருவர் திரையில் அமர்ந்து ஓட்டிப் பார்க்கிறார். வலி இல்லை, மயக்கமருந்து இல்லை, படுக்கையும் வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கேமராவுக்குக் கைகள் இல்லை. அதனால் நீரைப் பீய்ச்சிக் குடலைக் கழுவ முடியாது, காற்றை ஊதி மடிப்புகளை விரிக்க முடியாது, திரும்பிச் சென்று ஓரிடத்தை மறுபடி பார்க்கவும் முடியாது. ஓடும் பேருந்தின் சன்னலிலிருந்து ஒரே பக்கத்தைப் பார்ப்பது போன்றது அது. குடற்சுவரில் கொசுக்கடி அளவில் செந்நிறப் புள்ளியாக இருக்கும் ஓர் இரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தால், அந்தச் சிவப்புக் கோடு படத்தில் கண்ணைப் பறிக்கும். கசிவு நின்று ஒரு மாதம் ஆகிவிட்டால், அதே புள்ளி மடிப்புக்குள் மறைந்தோ, மலச்சாந்தின் கீழோ, கண்டும் காணாமலோ போய்விடலாம். புண்களும் அப்படித்தான், ஆறிய புண் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான் ஐரோப்பியக் குடல் எண்டோஸ்கோபிச் சங்கம், கண்ணுக்குத் தெரியும் கசிவு உள்ளவர்களுக்கு இயன்றவரை விரைவாக, முடிந்தால் 48 மணி நேரத்திற்குள், கேப்சூல் செய்யச் சொல்கிறது. இரண்டு வாரத்திற்குள் செய்தாலும் பயன் உண்டு என்பது அதற்கு முந்தைய வழிகாட்டுதல். நம் ஊரிலிருந்து மதுரைக்குள்ள தூரம், ஏற்பாடுகள், பணம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் 48 மணி நேரம் பலருக்கு எட்டாது. ஒரு வாரம் எட்டும். அந்த ஒரு வாரத்திற்காகத்தான் நாங்கள் வாதாடுகிறோம்.

இதற்கு ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரத்தம் கட்டியாகக் கொட்டுகிறது, நாடித் துடிப்பு ஏறுகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால், அது கேப்சூல் விழுங்கும் நேரமல்ல. அப்போது இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் அறுவையும் கைகொடுக்கும். கேப்சூலுக்கு உரியவர், இரத்தம் ஏற்றி நிலைபெற்ற பிறகும் கசிவு முற்றிலும் ஓய்ந்துவிடாதவர்.

ஆடியில் அந்த அம்மா எங்களிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 5.9, கறுப்பு மலம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. இம்முறை மருமகள் ஒரு கேள்வி கேட்டார்: இது மாத்திரைக் கறுப்பா, இரத்தக் கறுப்பா? அக்கேள்விக்கு நாங்கள் சொன்ன விடையை எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறோம். இரும்புச்சத்து மாத்திரையால் வரும் கறுப்பு, கரும்பச்சை கலந்த மந்தமான நிறமாகவும், பெரும்பாலும் கெட்டியாகவும் இருக்கும். இரத்தம் செரித்து வரும் கறுப்பு சாலைத் தார் போல மினுங்கும், பிசுபிசுவென்று ஒட்டும், தனியொரு கெட்ட நாற்றம் வீசும். தண்ணீர் ஊற்றினால் ஓரங்களில் சிவப்புச் சாயல் கரையும். சந்தேகம் இருந்தால் பரிசோதனைதான் முடிவு சொல்லும். ஆனால் தார் போன்ற மலத்தைக் கண்டால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்க வேண்டாம்.

இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினோம், ஹீமோகுளோபின் 7.8 ஆயிற்று. அதற்கு மேல் நிரப்ப முற்படவில்லை, நிலைபெற்றுவிட்டார். பிறகு உடனே கேப்சூலை நோக்கி ஓடினோமா என்றால், இல்லை. முதலில் வாய்வழி எண்டோஸ்கோபியை இன்னொரு முறை செய்தோம். முதல் முறை தவறவிடப்பட்ட சிறு கசிவு, இரண்டாம் முறை தெரிவது உண்டு. இம்முறை கறுப்பு மலம் இருந்ததால் கண்டுபிடிக்க வாய்ப்பும் அதிகம். ஒன்றும் தெரியவில்லை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை தேடினோம், இல்லை. வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அந்தப் புழு சிறுகுடலைக் கடித்துக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றில் முடிய வேண்டிய காரியத்திற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. மற்ற ஊர்களில் கேப்சூல் படங்களில் அந்தப் புழு நெளிவதைப் பார்த்து வியந்த மருத்துவர்கள் உண்டு. நமக்கு அது வியப்பல்ல.

அடுத்து மாத்திரைகளைப் பற்றிக் கேட்டோம். முட்டி வலிக்குத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கும் 'செட் மாத்திரை' வாரத்துக்கு மூன்று, நான்கு முறை. சிறு காகிதப் பொட்டலம். மாத்திரையின் பெயரும் கிடையாது. மருமகள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒன்று டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையென எங்களுக்குத் தோன்றியது. இவ்வகை மாத்திரைகள் இரைப்பையில் மட்டுமே புண் ஆக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இரைப்பைக்கு உடன் ஒரு மாத்திரையைக் கொடுத்தால் பாதுகாப்பு என்றும் நம்புகிறார்கள். அந்தப் பாதுகாப்பு சிறுகுடலை எட்டாது. வலி மாத்திரை சிறுகுடலில் நீளப் புண்களையும், சில நேரங்களில் வளையம் போன்ற சுருக்கங்களையும் உண்டாக்கும். ஆகவே அதை நிறுத்தினோம். கேப்சூலில் புண் ஏதும் தெரிந்தால் அதற்கு அது ஒரு விளக்கமாகவும் ஆகலாம்.

'சுருக்கம்' என்ற அந்த ஒரு சொல்தான் கேப்சூல் முறையின் பெரிய அச்சம். குடலில் எங்காவது குறுகல் இருந்தால் 11 மில்லிமீட்டர் கேப்சூல் அதற்கு மேலே தேங்கி நிற்கும். இரத்தக்கசிவுக்காகக் கேப்சூல் விழுங்குபவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு இவ்வாறு நேர்வதாக உலகளாவிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. குடல்சுருக்கம் முன்பே தெரிந்த கிரோன் நோயாளிகளிடம் அது இன்னும் அதிகம். நம் நாட்டில் இன்னொரு காரணம் உண்டு; குடல் காசநோய். ஆறிய காசநோயும் வடுவாகிக் குடலை இறுக்கிவிடும். ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்காமல் யாரும் கேப்சூலை வாங்கிவிடக் கூடாது என்பது எங்கள் நிலை: சாப்பிட்ட அரை மணியில் வயிற்றில் சுருட்டிப் பிடித்து, குடல் உறுமி, வாந்தியில் முடிகிறதா, வயிற்றில் அறுவையோ கதிர்வீச்சுச் சிகிச்சையோ நடந்ததா, எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டீர்களா. அம்மாவிடம் கேட்டபோது, பதினோரு ஆண்டுகளுக்கு முன் கழுத்துக் கட்டிக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. வயிற்றுவலி இல்லை. ஆயினும் சும்மா இருக்கவில்லை. குடலை நீர்மத்தால் நிரப்பி எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஒன்றைச் செய்தோம். குறுகல் தெரியவில்லை. ஸ்கேனில் எதுவும் தெரியாமலே சுருக்கம் இருந்துவிடும் வாய்ப்பு முற்றிலும் இல்லாமல் போகவில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால், உள்ளே தானே கரைந்துவிடும் வெற்றுக் கேப்சூல் ஒன்றை முதலில் விழுங்கச் செய்து வழியைச் சோதிக்கும் முறை உண்டு. அந்த அளவுக்கு இங்கே தேவைப்படவில்லை.

கறுப்பு மலம் தொடங்கிய ஐந்தாம் நாள் மதுரையில் ஒரு மையத்தில் கேப்சூல் விழுங்கினார். நாங்கள் விரும்பியது மூன்றாம் நாள். ஐந்தாம் நாள் கிடைத்தது. அதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துவார்கள், ஏனெனில் அது குடற்சுவரில் கறுப்புப் பூச்சாகப் படிந்து படத்தைக் கெடுக்கும். இவருக்கு அந்த நேரமில்லை, சேர்த்த நாளிலிருந்தே நிறுத்தியிருந்தோம். முந்தைய நாள் மதியத்திற்குப் பின் கஞ்சி, மோர் போன்ற இலகுவான நீர் உணவு. மாலையில் குடலைக் கழுவும் கரைசல். இரவு முதல் எதுவும் உண்ணாமை. காலை 7.45க்குத் தண்ணீரோடு விழுங்கினார். பட்டையைக் கட்டிக்கொண்டு வளாகத்திலேயே நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், நான்கு மணி நேரம் கழித்து லேசான உணவு. மாலையில் பட்டையைக் கழற்றினார்கள்.

மறுநாள் படங்களைப் பார்த்தபோது கேப்சூல் 35 நிமிடத்தில் இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குள் நுழைந்திருந்தது. நுழைந்து ஒரு மணி 20 நிமிடத்தில் புத்தம் புதிய இரத்தக்கோடு ஒன்று. அதன் தொடக்கத்தில் ஒரு செந்நிறப் புள்ளி. சற்றுத் தள்ளி மற்றோர் புள்ளி. பெருங்குடலை எட்டியது, சிறுகுடலுக்குள் நுழைந்ததிலிருந்து நான்கு மணி 50 நிமிடத்தில். அந்தப் புள்ளிகளுக்குப் பெயர் ஆஞ்சியோடிஸ்பிளேசியா. முதுமையில் குடற்சுவரின் மெல்லிய இரத்தக்குழாய்கள் விரிந்து, சுவர் மெலிந்து, அவ்வப்போது கசியும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடமும், இதயத்தின் பெருந்தமனி வால்வு குறுகியவர்களிடமும் இது கூடுதலாகத் தென்படுகிறது. ஆகவே இவரது இதயத்தையும் ஒருமுறை எக்கோவில் பார்த்தோம், நன்றாகவே இருந்தது.

கேப்சூலின் இன்னொரு பயன், அது காட்டிய நேரக்கணக்கு. 290 நிமிடப் பயணத்தில் 80ஆவது நிமிடத்தில் புள்ளி; அதாவது முதல் மூன்றில் ஒரு பங்கிற்குள். எனவே சிகிச்சைக்காக அடுத்துச் செலுத்தும் நீண்ட எண்டோஸ்கோபியை வாய் வழியே கொண்டுபோக வேண்டும் என்பது தெளிவாயிற்று. புள்ளி பயணத்தின் கடைசிப் பகுதியில் இருந்திருந்தால் கீழ்வழியே போக வேண்டியிருக்கும். நீண்ட குழாயோடு பலூனும் இணைந்த இந்த எண்டோஸ்கோபியை உருவாக்கியவர் ஜப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ. பலூன்கள் குடலைக் குழாயின் மேல் சட்டைக் கையைப் போல் மடித்து மடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போகின்றன. கேப்சூலுக்கு இல்லாத கைகள் இதற்கு உண்டு. மூன்று புள்ளிகள் தென்பட்டன. கேப்சூல் காட்டியது இரண்டு. கசிந்தது ஒன்றுதான். ஆர்கான் வாயு வழியே வெப்பம் செலுத்தி மூன்றையும் கருக்கினார்கள். இரும்புச்சத்தை நரம்பு வழியாகக் கொடுத்தோம். நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2.

இதைச் சொல்லும்போது எங்களுக்கு ஒரு கவலையும் உண்டு. இக்கதையைப் படித்துவிட்டு, கேப்சூல் விழுங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரத்தக்கசிவுக்காகச் செய்யப்பட்ட கேப்சூல்களில் சுமார் 60 விழுக்காட்டில்தான் ஏதேனும் ஒரு காரணம் கிடைக்கிறது. மீதியில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சில கட்டிகள் சுவரின் வெளிப்புறமாக வளர்ந்து உள்ளே தலைகாட்டாமல் இருக்கும். முன்சிறுகுடலின் முதல் வளைவில் கேப்சூல் விரைந்து ஓடிவிடும். அதனால் கேப்சூல் நார்மல் என்றாலும் அதே "ஒன்றும் இல்லை" என்ற சொல்லை யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது. சொன்னால் கேள்வி கேளுங்கள். நார்மலாக வந்த பிறகும் புதிதாகத் தார் மலம் வந்தாலோ, ஹீமோகுளோபின் 4 கிராமோ அதற்கு மேலோ குறைந்துவிட்டாலோ மறுமுறை கேப்சூல் செய்வதில் பொருளுண்டு. அப்படி எதுவும் இல்லாமல் நிலையாக இருந்தால் இரும்புச்சத்தைக் கொடுத்துக் கண்காணிப்பதும் ஒரு முறையான சிகிச்சையே; எல்லாரையும் எல்லாச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

செலவு என்று கேட்பார்கள். அது சில பத்தாயிரங்களில் போகும் காரியம். ஒரு முறை விழுங்கிய கேப்சூல் மறுபடி பயன்படாது. காப்பீடு உள்ளவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், கேப்சூல் செய்வதற்கு முன்பே அது அத்திட்டத்தில் சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்பு வந்து கேட்டால் பயன் இருக்காது. இந்த அம்மாவின் வீட்டில், ஓராண்டுக்குள் மூன்று முறை இரத்தம் ஏற்ற ஆன பயணச் செலவையும், விட்ட கூலியையும், பறிக்காது போன பூவையும் மகன் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாராம். விடை எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விழுங்கிய பின் குடும்பத்தாருக்கு ஒரு பணி உண்டு. கேப்சூல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் மலத்தோடு வெளியேறும். கழிப்பறைக்குள் பளிச்சென்று தெரியும். பார்த்துவிட்டால் அதோடு முடிந்தது, எடுத்து வைக்க வேண்டியதில்லை. பார்க்கவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து வயிற்று எக்ஸ்ரே எடுத்து அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் நுழையவே கூடாது. இடையில் வயிறு ஊதி, வாந்தியும் சுருட்டும் வலியும் வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே வரவேண்டும். தேங்கிய கேப்சூல் பெரும்பாலோருக்கு வலி தராமல் உள்ளேயே கிடக்கும். ஆனால் அது தேங்கியிருப்பதே, அங்கே ஒரு சுருக்கம் இருக்கிறது என்ற அறிவிப்பாகும். சிலருக்கு அதை எடுக்கப் போன இடத்திலேயே கசிவின் காரணமும் கிடைத்திருக்கிறது.

மறுபரிசோதனைக்கு வரும்போது அம்மாவின் மருமகள் ஒரு பள்ளி நோட்டைக் கொண்டுவருகிறார். ஒரு பக்கத்தில் தேதியும் மலத்தின் நிறமும், மறுபக்கத்தில் ஹீமோகுளோபின், நடுவே, அவர் தாமே சேர்த்துக்கொண்ட ஒரு பத்தி, அந்த வாரம் அம்மா எத்தனை கிலோ பூப் பறித்தார் என்று. ஆஞ்சியோடிஸ்பிளேசியா மீண்டும் வேறோர் இடத்தில் முளைத்துக் கசியக்கூடியது. கருக்கிய பிறகும் சிலருக்குத் திரும்புகிறது. ஆகவே அந்த நோட்டை நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிப் படிக்கிறோம். சென்ற முறை பூவின் எடை குறைந்திருந்த வாரத்தை முதலில் பார்த்தோம்; ஹீமோகுளோபின் மாறவில்லை. அது மழை வாரமாம்.